சம்பளக் கணக்கை மாற்றித் தரும்படி வேண்டுகோள்

திமிரி,
9-3-2026

அனுப்புநர்
ச. மலர்க்கொடி,
பணியாளர் எண் 1187,
மேற்பகுதித் தையல் பிரிவு, நான்காம் லைன்.

பெறுநர்
மனிதவள மேலாளர் அவர்கள்,
காலணித் தொழிற்சாலை,
சிப்காட் தொழிற்பேட்டை, இராணிப்பேட்டை.

பொருள்: ஏப்ரல் 2026 மாதச் சம்பளம் முதல் என் அஞ்சலக சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இப்போது என் சம்பளம் 6093 என்று முடியும் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி மூலம் எல்லோருக்கும் சேர்த்துத் தொடங்கிய கணக்கு அது. இனிமேல் திமிரி அஞ்சலகத்தில் நான் தொடங்கியிருக்கும் சேமிப்புக் கணக்கில் சம்பளம் வரும்படி மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எந்த மாதத்திலிருந்து என்பதில் குழப்பம் வந்துவிடக் கூடாது. மார்ச் மாதம் வேலை செய்ததற்கு ஏப்ரல் முதல் வாரத்தில் தரும் சம்பளம் பழைய கணக்கிலேயே வரட்டும். மார்ச் மாத ஓவர்டைம் தொகையும் அதோடு சேர்ந்தே வரட்டும். தையல் இயந்திரத்துக்கு வாங்கிய கடனின் கடைசித் தவணையை ஏப்ரல் 10-ஆம் தேதி அந்தக் கணக்கிலிருந்துதான் பிடிப்பார்கள். அன்று பணம் இல்லையென்றால் அபராதம் விழும். ஏப்ரல் மாதம் வேலை செய்ததற்கு மே முதல் வாரத்தில் தரும் சம்பளம்தான் புதிய கணக்குக்கு வர வேண்டிய முதல் சம்பளம். அதன் பிறகு ஊக்கத்தொகை, தீபாவளி போனஸ், விடுப்புச் சம்பளம் என எது தருவதானாலும் இந்தக் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டுகிறேன்.

புதிய கணக்கின் விவரம்:

கணக்கில் உள்ள பெயர்: S MALARKODI
கணக்கு எண்: 020048371526
கணக்கு வகை: அஞ்சலக சேமிப்புக் கணக்கு
அலுவலகம்: திமிரி அஞ்சலகம்
ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு: IPOS0000DOP

இதைப் பதிவு செய்யும் கணக்குப் பிரிவினர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டுகிறேன். முதலாவது கணக்கு எண். அது சுழியத்தில் தொடங்குகிறது, மொத்தம் பன்னிரண்டு இலக்கம். எக்செல் தாளில் வெறும் எண்ணாக அடித்தால் முன்னால் உள்ள சுழியம் தானாகவே மறைந்து பதினொரு இலக்கம்தான் மிஞ்சும். அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு எண்ணை அடித்தால் சுழியம் நிற்கும். பதிந்த பிறகு பாஸ்புத்தக நகலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள், அம்மா.

இரண்டாவது ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. வங்கிகளில் கிளைக்குக் கிளை அது மாறும். அஞ்சலக சேமிப்புக் கணக்குகளுக்கு நாடு முழுவதும் இந்த ஒரே குறியீடுதான். திமிரியின் பெயர் அதில் எங்கும் இல்லையே என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி என்பது வேறு. அதன் குறியீடு IPOS0000001. இரண்டும் ஒரே எழுத்துகளில் தொடங்குவதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிடுகிறார்கள். வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகளுக்கு அப்படித்தான் ஆனது. சம்பளம் போன வழியே திரும்பிவிட்டது. அது மறுபடி கைக்கு வருவதற்குள் வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் அவள் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அந்த நிலை எனக்கு வரக் கூடாது என்ற பயத்தில்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

இப்போது என் சம்பளம் கம்பெனியின் வங்கியிலேயே கணக்கு வைத்திருப்பவர்கள் பட்டியலில் போகிறது. இனி என் பெயரைப் பிற வங்கிப் பட்டியலுக்கு மாற்றி, நெஃப்ட் முறையில் அனுப்ப வேண்டியிருக்கும். மற்றவர்களைவிடச் சில மணி நேரம் பின்னால் வந்தாலும் எனக்குக் குறையில்லை.

மாற்றம் கேட்பதற்கான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கணக்கு இருக்கும் வங்கிக் கிளை இராணிப்பேட்டையில் இருக்கிறது. நான் லைனில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அது திறந்திருக்கும். வாரம் ஒருநாள் கிடைக்கும் ஞாயிறு விடுமுறையில் அதற்கும் விடுமுறை. ஏ.டி.எம். இருக்கிறது, உண்மைதான். ஆனால் என் வீட்டில் பகலில் பணம் தேவைப்படுவது எனக்கு அல்ல, என் அம்மாவுக்கு. என் கணவர் லாரி ஓட்டுகிறார். வெளி மாநிலம் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்வது அம்மாதான். அவரே சர்க்கரை நோய்க்காக மாதந்தோறும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறார். அவசரத்துக்குக் கையில் பணம் இல்லாமல் அவர் அக்கம்பக்கத்தில் கேட்டு நிற்பது எனக்குப் பெரிய வேதனை. நான் சம்பாதித்துக்கொண்டிருக்கும்போது அவர் ஏன் அப்படி நிற்க வேண்டும்?

அஞ்சலகம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். இந்தக் கணக்கு நானும் அம்மாவும் சேர்ந்து தொடங்கியது. இருவரில் யார் கையெழுத்திட்டும் பணம் எடுக்கலாம். முதல் பெயர் என்னுடையது, பாஸ்புத்தகத்திலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. கூட்டுக் கணக்கில் சம்பளம் போட நம் கம்பெனி விதியில் தடை இருந்தால் தயவுசெய்து இந்த மாதமே சொல்லிவிடுங்கள். என் பெயரில் மட்டும் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி அந்த எண்ணைத் தருகிறேன். மகளுக்காகப் போட்டுவரும் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் அதே அஞ்சலகத்தில்தான் இருக்கிறது. சம்பளம் அங்கேயே வந்தால் மாதாமாதம் அதில் கட்டுவது தவறாது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகளில் இப்போதுள்ள வங்கி விவரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். புதிய கணக்கில் இரண்டு மாதச் சம்பளம் சரியாக வந்து சேரும் வரை பழைய கணக்கை நான் மூட மாட்டேன். ஏதாவது காரணத்தால் மே மாதம் புதிய கணக்குக்கு அனுப்ப முடியாமல் போனால், சம்பளத்தை நிறுத்தி வைக்காமல் பழைய கணக்கிலேயே போட்டுவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை நானே நேரில் கொண்டுவந்து, உங்கள் முன்னால் கையெழுத்திட்டுத் தருகிறேன். இதற்குப் பிறகு என் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ வேறு கணக்கு எண் கொடுத்தால், அது என் கைப்பேசியிலிருந்தே வந்திருந்தாலும் ஏற்க வேண்டாம். என்னை லைனிலிருந்து கூப்பிட்டு நேரில் கேளுங்கள். உழைத்த பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போய்விட்டால் திரும்பப் பெறுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஏப்ரல் மாதச் சம்பளப் பட்டியல் தயாராகும் முன், ஏப்ரல் 20-ஆம் தேதிக்குள், மாற்றம் பதிவாகிவிட்டது என்று என் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். இக்கடிதத்தின் இரண்டாம் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் இட்டுத் தரும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. மலர்க்கொடி

இணைப்பு: அஞ்சலக பாஸ்புத்தகத்தின் முதல் பக்க நகல், ஆதார் அட்டை நகல், கம்பெனி அடையாள அட்டை நகல். மூன்றிலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.