ஓப்பன்வெல் மோட்டார் வாரண்டி: எளிய தமிழில்

அட்டையில் உள்ள வாசகம்: விற்பனைத் தேதியிலிருந்து 12 மாதங்கள் அல்லது ஆலையிலிருந்து அனுப்பிய தேதியிலிருந்து 15 மாதங்கள், இவற்றில் எது முந்தி முடிகிறதோ அதுவரை, மூலப்பொருள் அல்லது தயாரிப்புக் குறைபாட்டால் நேரும் பழுதுகள், நிறுவனத்தின் தெரிவுப்படி, இலவசமாகச் சரிசெய்யப்படும் அல்லது பழுதான பாகம் மாற்றித்தரப்படும். அசல் ரசீது அவசியம். உலர் ஓட்டம், 180–240 வோல்ட்டுக்கு வெளியே இயக்குதல், மணல், உப்பு நீர், மின்னல், அங்கீகாரமற்றோர் பிரித்தல் ஆகியவற்றால் நேர்பவை அடங்கா. கழற்றி மாட்டும் செலவும் விளைவுசார் இழப்பும் நிறுவனத்தைச் சாரா. சட்டப்படியான நுகர்வோர் உரிமைகள் பாதிக்கப்படமாட்டா.

அதே வாசகம், எளிய சொற்களில்:

நாங்கள் செய்ததில் கோளாறு இருந்தால் செலவு எங்களுடையது. வைண்டிங், சீல், புஷ், எதுவானாலும் சரி. பழுது பார்ப்பதா, கெட்ட பாகத்தை மாற்றுவதா என்பதை நாங்கள் முடிவு செய்வோம். இதைப் புது மோட்டார் தருவதாகக் கொள்ள வேண்டாம்.

காலக்கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1.1.2025 அன்று ஆலையை விட்ட மோட்டாரை 10.6.2025 அன்று வாங்கினால், வாங்கிய நாள் கணக்கில் 9.6.2026 வரை வரும். ஆலைக் கணக்கில் 31.3.2026 அன்றே 15 மாதம் முடிகிறது. முந்தியது அதுதான் என்பதால் வாரண்டியும் அன்றோடு முடியும். வாங்கும்போதே ஆலைத் தேதியைக் கேட்டுப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது.

கோடையில் கிணற்று நீர் இறங்கி, மோட்டார் தண்ணீருக்கு வெளியே ஓடினால் சூடு தணிய வழியில்லை. சீல் தேய்ந்து வைண்டிங் கருகும். இது அடங்காது. 180 வோல்ட்டுக்குக் கீழோ 240-க்கு மேலோ ஓட்டிக் கருகினாலும், இடிமின்னலில் கெட்டாலும் அடங்காது.

வீடு கடலோர ஊர்களான குளச்சலிலோ முட்டத்திலோ இருப்பதால் மட்டும் வாரண்டி போய்விடாது. உப்பு நீரோ மணலோதான் அந்தப் பழுதுக்குக் காரணம் என்றால்தான் விலக்கு.

மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் முதலில் பேனலில் உள்ள கப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மோட்டாரைத் திறக்க வேண்டியதில்லை. மோட்டாரை எங்கள் சர்வீஸ் ஆட்கள்தான் பிரிக்க வேண்டும்; வேறு யாராவது பிரித்து அதனால் கெட்டால் இலவசமாகச் செய்யமாட்டோம்.

கிணற்றிலிருந்து தூக்கி, திரும்ப இறக்கி மாட்டும் கூலி உங்களுடையது. மோட்டார் நின்ற நாட்களில் வாழை வாடினாலும் வீட்டு வேலை தடைபட்டாலும் அந்த நஷ்டத்துக்கு இந்த வாரண்டி ஈடு தராது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை எதையும் இந்த அட்டை குறைக்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும்.