அப்பாவின் உயிலுக்குப் புரோபேட் கேட்டு மனு

(உயர் நீதிமன்றத்தில் மனு ஆங்கிலத்தில்தான் தாக்கலாகும். அம்மாவும் தங்கையும் ஒரு வரி விடாமல் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் முதலில் தமிழில் நானே எழுதினேன். வக்கீல் இதை வைத்துத்தான் ஆங்கில மனுவைத் தயாரிக்கிறார்.)

சென்னை உயர் நீதிமன்றம்
முதலேற்பு உரிமையியல் பிரிவு, உயில் மற்றும் வாரிசுரிமை அதிகார வரம்பு
1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவுகள் 222, 276-இன் கீழ் மனு

காலமான சண்முகம் அவர்களின் கடைசி உயில் தொடர்பாக

மனுதாரர்: ச. முத்துக்குமரன், வயது 49, மயிலாப்பூர், சென்னை
எதிர்மனுதாரர்கள்: 1. விசாலாட்சி (அம்மா), வயது 72. 2. ச. இளங்கோவன் (தம்பி), வயது 45, பெங்களூரு. 3. கயல்விழி (தங்கை), வயது 42, மயிலாப்பூர்.

மாண்பமை நீதிமன்றத்தின் முன் மனுதாரர் பணிவுடன் சொல்வது:

1. என் அப்பா சண்முகம் 11.11.2022 அன்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 78. அரசு அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்து. கடைசிவரை சென்னையில்தான் வாழ்ந்தார், முக்கியச் சொத்தும் சென்னை நகர எல்லைக்குள்தான் இருக்கிறது, உயிலையும் சென்னையில்தான் எழுதினார். பிரிவுகள் 57, 213 இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இப்படிப்பட்ட உயிலை வைத்து உரிமை கோருவதற்குப் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் மெய்ப்பித்துத் தரும் சான்று, அவசியம். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

2. அப்பா 14.06.2018 அன்று உயில் எழுதினார். தமிழில் தட்டச்சு செய்த மூன்று பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. பதிவு செய்யவில்லை, உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதுவே அவருடைய கடைசி உயில். இதற்குப் பிறகு அவர் வேறு உயிலோ, இதைத் திருத்தும் இணைப்போ எழுதியதாக எனக்குத் தெரியாது, தேடியும் கிடைக்கவில்லை. உயிலில் சொன்னதை நடத்திவைக்கும் நிறைவேற்றுநராக அவர் என்னைத்தான் பெயர் சொல்லி நியமித்திருக்கிறார், அதனால்தான் நிறைவேற்றுநர் இல்லாதபோது கேட்கும் நிர்வாகப் பத்திரத்தைக் கேட்காமல் புரோபேட் கேட்கிறேன்.

3. உயிலில் அப்பா சொன்னது இது. கீழ்த்தளம் அம்மாவின் ஆயுள் வரை அம்மாவுக்கு, அதன் பிறகு கயல்விழிக்கு. மேல்தளம் எனக்கும் தம்பிக்கும் சமமாக. மதுராந்தகம் அருகே உள்ள 30 சென்ட் நிலம் தம்பிக்கு. வங்கியில் இருக்கும் பணம் முழுவதும் அம்மாவுக்கு. நிறைவேற்றுநர் நான்தான் என்றாலும் தங்கைக்குக் கிடைப்பதைவிட எனக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது, அதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கணவரை இழந்த பிறகு 2014 முதல் கயல்விழி அப்பா அம்மாவுடனேயே இருக்கிறாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதும், கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோதும் கூட இருந்து பார்த்தவள் அவள்தான். கயல்விழி தன்னுடனேயே இருப்பதை உயிலின் இரண்டாம் பக்கத்தில் அப்பாவே காரணமாக எழுதியிருக்கிறார்.

4. உயில் எங்கே இருந்தது, ஏன் உடனே மனு போடவில்லை என்று கேள்வி வரும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலைத் திவசம் முடியும் வரை அப்பாவின் பீரோவை யாரும் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். 2023 டிசம்பரில் சொத்துவரி ரசீதைத் தேடியபோது, பத்திரம் வைத்திருந்த துணிப்பையின் அடியில் ஒட்டிய உறையில் உயில் கிடைத்தது. அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் சேர்ந்துதான் உறையைப் பிரித்தோம், அன்று இரவே தம்பிக்கு மூன்று பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகவில்லை, ஆகவே காலவரம்புச் சட்டத்தின் 137ஆம் இனத்தின்படியும் இந்த மனு காலத்துக்குள் வந்ததுதான்.

5. உயிலில் சான்றொப்பமிட்டவர்கள் இரண்டு பேர். முதல் சாட்சி எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 76. இரண்டாம் சாட்சி தட்டச்சு நிலையம் நடத்தியவர், 2021 மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டார், அவருடைய இறப்புச் சான்றை இணைத்திருக்கிறேன். பிரிவு 63-இன்படி உயிலை எழுதியவர் கையெழுத்திடுவதைச் சாட்சிகள் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அவர் முன்னிலையிலேயே சாட்சிகளும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அப்படித்தான் நடந்தது என்று முதல் சாட்சி தன் பிரமாணப் பத்திரத்தில் சொல்கிறார்: அப்பா ஆட்டோவில் தனியாக அவர் வீட்டுக்கு வந்தார், உயிலை வாய்விட்டுப் படித்தார், மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், அதைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் அங்கேயே அப்போதே கையெழுத்திட்டார்கள். இருவருக்கும் உயிலில் எதுவும் கிடைக்கவில்லை. சாட்சிச் சட்டம் பிரிவு 68-இன்படி உயிரோடு இருக்கும் ஒரு சாட்சியையாவது விசாரிக்க வேண்டும். அவர் உயர் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரியான மாஸ்டர் முன்பு வந்து சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார், வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 281-இன்படி இந்த மனுவின் கீழும் அவர் உறுதிமொழி இருக்கிறது.

6. ஒரு விஷயத்தை நானாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கத்தில் வீட்டின் கதவு எண் 14 என்பது தவறாக 41 என்று தட்டச்சாகி, பேனாவால் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. கையெழுத்துக்குப் பிறகு செய்த திருத்தம் செல்ல வேண்டுமென்றால் உயிலைப் போலவே அதுவும் முறையாகச் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்பது பிரிவு 71. இந்தத் திருத்தம் கையெழுத்துக்கு முன்பே நடந்தது, படித்துக்கொண்டு வந்தபோது அப்பாதான் பிழையைக் கண்டுபிடித்தார் என்கிறார் சாட்சி. திருத்தத்தின் பக்கத்தில் அப்பாவின் சுருக்கொப்பமும் இரண்டு சாட்சிகளின் சுருக்கொப்பமும் இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து கொஞ்சம் நடுங்கித் தெரிகிறது; 74 வயதில் அவர் கை அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க 1986 கிரயப் பத்திரத்திலும், 2018 நவம்பரில் அவரே நேரில் போய்க் கொடுத்த ஓய்வூதிய வாழ்நாள் சான்றிலும் உள்ள கையெழுத்துகளைத் தாக்கல் செய்கிறேன்.

7. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதை நீக்க வேண்டிய பொறுப்பு உயிலை முன்வைப்பவருக்குத்தான் என்று 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனதில் வைத்துத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அதிகப் பங்கு வாங்குபவர் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவர் என்பதால், அவள் வற்புறுத்தினாளா என்று தம்பி என்னிடம் நேராகவே கேட்டான். அவன் அப்படிக் கேட்டதில் தவறில்லை. 14.06.2018 ஒரு வியாழக்கிழமை, கயல்விழி வேலை பார்த்த பள்ளியில் இருந்தாள், அன்றைய வருகைப் பதிவேட்டின் நகலைப் பள்ளி கொடுத்திருக்கிறது. உயில் எழுதியது அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்பா அப்போது தன் ஓய்வூதியக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டு, காலையில் லஸ் வரை நடந்து போய் வந்துகொண்டிருந்தார். மன நோய்க்கோ மறதி நோய்க்கோ அவர் மருந்து எடுத்ததே இல்லை.

8. அம்மாவும் தங்கையும் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். தம்பி கொடுக்கவில்லை. எதிர்க்க மாட்டேன், ஆனால் கையெழுத்தும் போட மாட்டேன் என்கிறான். அவனுக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் கேவியட் போட்டு ஆட்சேபித்தால் இந்த மனு பிரிவு 295-இன்படி வழக்காக மாறும் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அங்கேயும் இதே உண்மைகளைத்தான் சொல்வேன்.

9. சொத்து விவரம். மயிலாப்பூர் வீடும் 900 சதுர அடி மனையும் ரூ.1,35,00,000, மதுராந்தகம் நிலம் ரூ.4,50,000, நிரந்தர வைப்பு ரூ.11,40,000, சேமிப்புக் கணக்கு ரூ.86,200. மொத்தம் ரூ.1,51,76,200. ஈமச் செலவு ரூ.62,000, மருத்துவமனைப் பாக்கி ரூ.38,400 போக நிகர மதிப்பு ரூ.1,50,75,800. இதற்குரிய நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்துகிறேன். வீட்டை அப்பா தன் சம்பளத்தில் சேர்த்த பணத்திலும் அலுவலகக் கடனிலும் 1986இல் வாங்கினார், பூர்வீகச் சொத்து எதுவும் இதில் கலக்கவில்லை. புரோபேட் நீதிமன்றம் சொத்தின் உரிமைமூலத்தைத் தீர்மானிக்காது, உயில் உண்மையா, முறையாக எழுதப்பட்டதா என்பதைத்தான் பார்க்கும் என்றாலும், எதையும் மறைக்கவில்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

10. இந்த மனுவுடன் தாக்கல் செய்பவை: அசல் உயில் (நீதிமன்றப் பாதுகாப்பில் வைக்க), அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அப்பாவின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்று, இரண்டாம் சாட்சியின் இறப்புச் சான்று, முதல் சாட்சியின் பிரமாணப் பத்திரம், அம்மாவும் தங்கையும் கொடுத்த சம்மதப் பத்திரங்கள், சொத்து மற்றும் கடன் பட்டியலோடு சொத்துப் பிரமாணப் பத்திரம், 1986 கிரயப் பத்திரம், மதுராந்தகம் நிலத்தின் பட்டா, இரண்டு சொத்துக்கும் வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு நகல், வங்கி இருப்புச் சான்று, ஓய்வூதிய வாழ்நாள் சான்றின் நகல், பள்ளி வருகைப் பதிவேட்டு நகல், எங்கள் நான்கு பேரின் அடையாள அட்டை நகல்கள், வக்காலத்து. உயிலில் இருக்கும் பெயரும் இறப்புச் சான்றில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று நான் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். கிரயப் பத்திரத்தில் மட்டும் 'சண்முகம் பிள்ளை' என்று இருக்கிறது, இருவரும் ஒருவரே என்று தனிப் பிரமாணப் பத்திரம் வைத்திருக்கிறேன்.

11. இந்த உயில் தொடர்பாக வேறு எந்த நீதிமன்றத்திலும் மனு போடவில்லை. புரோபேட் கிடைத்தால் அப்பாவின் கடன்களை முதலில் அடைத்து, உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்துக்குள் கணக்கும் தாக்கல் செய்வேன் என்று உறுதி கூறுகிறேன்.

ஆகவே, எதிர்மனுதாரர்களுக்கு அறிவிப்பு அனுப்பவும், பொது அறிவிப்பை ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் வெளியிடவும் உத்தரவிட்டு, காலமான சண்முகம் அவர்களின் 14.06.2018 தேதியிட்ட உயிலை மெய்ப்பித்து, நிறைவேற்றுநரான எனக்கு இந்த மாநிலம் முழுவதும் செல்லுபடியாகும் புரோபேட் வழங்க வேண்டுமென்று வேண்டுகிறேன்.

உறுதிமொழி: முத்துக்குமரன் ஆகிய நான், மேலே 1 முதல் 11 வரை சொன்னவற்றில் நானே நேரில் அறிந்தவை உண்மை என்றும், மற்றவை சாட்சியிடமும் ஆவணங்களிலும் தெரிந்துகொண்டு உண்மை என்று நம்புபவை என்றும் உறுதி கூறுகிறேன்.

சென்னை, 18.03.2024
(ஒப்பம்) ச. முத்துக்குமரன், மனுதாரர்

சாட்சியின் உறுதிமொழி: இந்த உயிலில் சான்றொப்பமிட்ட இருவரில் நான் ஒருவன். சண்முகம் இதில் கையெழுத்துப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன், அவர் முன்னிலையில் நானும் கையெழுத்திட்டேன். அவர் அப்போது தெளிவாக இருந்தார்.

(ஒப்பம்) முதல் சாட்சி