பேரணாம்பட்டு தோல் ஆலையிலிருந்து ராணிப்பேட்டை சப்ளையருக்கு: கிரெடிட் கேட்கும் கடிதம், மூன்று வரைவுகள், கணக்குப் பிரிவின் குறிப்புகளோடு

கொள்முதல் தம்பிக்கு,

நீ அனுப்பிய வரைவு கீழே அப்படியே இருக்கிறது. அதன் கீழே என் குறிப்புகள், நீ திருத்திய இரண்டாவது வரைவு, கடைசியாகப் போக வேண்டிய கடிதம். எம்.டி. கையெழுத்துக்கு வைக்குமுன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

முதல் வரைவு

"அன்புள்ள பாய், அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்லை. அமெரிக்காக்காரன் வரி போட்டதிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிகளிடமிருந்து பணம் ஒழுங்காக வருவதில்லை. தீபாவளி போனஸ் வேறு தலைக்கு மேல் நிற்கிறது. பழைய பாக்கிக்கே உங்களிடம் முகம் காட்ட முடியவில்லை. எப்படியாவது பெரிய மனசு பண்ணி 30 நாளை 90 நாளாக ஆக்கிக் கொடுத்தால் உங்கள் உதவியை மறக்கவே மாட்டோம். தயவுசெய்து சரக்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."

குறிப்புகள்

சரக்கை நிறுத்தாதீர்கள் என்று நாமே எழுதினால், நிறுத்தலாமே என்ற யோசனையை நாமே கொடுத்ததாகிவிடும். பாய் இதைப் படித்ததும் முதலில் நம் லெட்ஜரைத்தான் எடுப்பார். மாலைக்குள் ராணிப்பேட்டையில் நாலு சப்ளையர் காதுக்குப் போய்விடும். சாயக்காரர் மறுநாளே அட்வான்ஸ் கேட்பார்.

அமெரிக்க வரியை எடுத்துவிடு. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து 50 சதவீதம் போட்டார்கள் என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சேதி. அதை நாம் சொல்லும்போது, "இவர்கள் பார்ட்டிகளே பணம் தரமாட்டார்கள்" என்றுதான் அவர் படிப்பார். போனஸும் வேண்டாம். அது அவர் பில்லுக்கும் நமக்கும் நடுவில் வருகிற விஷயமே இல்லை.

இனி பெரிய தப்பு: 90 நாள். பாய் சிப்காட்டில் சொந்தமாக, தோலை மென்மையாக்கும் ஃபேட்லிக்கரும் பதனிடும் சின்டானும் தயாரிக்கிறவர். உத்யம் சான்றிதழில் சிறு நிறுவனம், உற்பத்தி. அப்படிப்பட்டவரிடம் எழுத்து ஒப்பந்தம் போட்டாலும், 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டம் 15-ம் பிரிவுப்படி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போக முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் 15 நாள்தான். அவர் மனசார 90 கொடுத்தாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. தாண்டிய நாளிலிருந்து, மாதாமாதம் சேரும்படி, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2025 அக்டோபரில் பேங்க் ரேட் 5.75, ஆகவே வருஷத்துக்கு 17.25 சதவீதம். அந்த வட்டியைச் செலவாகவும் எழுத முடியாது. (வேலூரில் வாங்கி விற்கிற வியாபாரி என்றால் உத்யம் பதிவு இருந்தாலும் இந்தக் கெடு பொருந்தாது. அதனால் யாருக்கு எழுதுகிறோமோ அவருடைய சான்றிதழை முதலில் கேட்டு வாங்கு.)

இதில் நமக்கும் ஒரு வலி இருக்கிறது. வாய்ப்பேச்சில் 30 நாள் ஓடுகிறது, எழுத்தில் ஒன்றும் இல்லை. 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவுப்படி, மார்ச் 31 அன்று கெடு தாண்டி நிற்கிற பாக்கியை அந்த வருஷம் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கிடைக்கும். எழுத்து இல்லாததால் இன்று நம் கெடு 15 நாள். கையெழுத்தானால் 45. ஆக, இந்த ஒப்பந்தம் பாய் நமக்குச் செய்கிற தர்மம் இல்லை. இரண்டு பக்கமும் முன்பே போட்டிருக்க வேண்டிய காகிதம்.

லெட்ஜரைப் பார்த்தேன். கடந்த ஆறு மாதத்தில் நாம் சராசரியாக 44-வது நாளில் கொடுத்திருக்கிறோம். ஒரு பில்லுக்கு 29, அடுத்ததற்கு 58. பாய்க்கு உறுத்துவது நாள் கணக்கு இல்லை, எந்தத் தேதி என்று தெரியாமல் இருப்பதுதான். கடிதம் நிற்க வேண்டியது இதன் மேல்தான்.

இரண்டாவது வரைவு

"மதிப்பிற்குரிய பாய், மாதம் 8 லட்சத்துக்கு உங்களிடம் வாங்குகிறோம். இந்த அளவுக்கு வாங்கும் பார்ட்டிக்கு 45 நாள் கொடுப்பதுதான் மார்க்கெட் வழக்கம். வேறு இரண்டு சப்ளையர்கள் 60 நாள் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். உங்கள் பதிலை வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கிறோம்."

குறிப்புகள்

கெஞ்சலை எடுக்கச் சொன்னால் மிரட்டலுக்குப் போய்விட்டாய். அந்த இரண்டு சப்ளையர் யார் என்று அவர் போனில் கேட்டால் என்ன சொல்வாய்? ரெசிபி முழுக்க அவருடைய ஃபேட்லிக்கரில் செட் ஆகியிருக்கிறது. பிராண்ட் மாற்றினால் மென்மை, கிரெய்ன் எல்லாம் திரும்ப டிரயல் போட வேண்டும். அது அவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைக் கெடுவும் வேண்டாம், ஜும்ஆ நாளில் யாரையும் நெருக்காதே.

கேட்பதற்கு முன் அவர் பக்கத்துக் கணக்கைப் போடு. 8 லட்சத்தை இன்னும் 15 நாள் நிறுத்தி வைக்க, 12 சதவீத கேஷ் கிரெடிட், அதாவது சிசி, வட்டியில் அவருக்கு ஆகும் செலவு:

8,00,000 × 12% × 15 ÷ 365 = 3,945 ரூபாய்

மாதம் நாலாயிரம். இதற்கு மேல் பெறுமானம் உள்ள ஒன்றை நாம் கொடுத்தால் அது உதவி இல்லை, வியாபாரம். நம்மிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று வண்டி. டிரம் காலியாகும் போதெல்லாம் ஆர்டர் போட்டு மாதம் ஐந்து முறை தோஸ்த் வண்டி வரவைக்கிறோம். நடை 3,200 வீதம் 16,000, அவர் செலவு. மாதத் தேவை முழுவதையும் ஒரே இண்டென்ட்டாகப் போட்டு, பெரிய ஈச்சர் வண்டியில் இரண்டு நடையாக வந்தால் 4,800 வீதம் 9,600. மிச்சம் 6,400. மற்றொன்று ஜிஎஸ்டி. நாம் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதம் 20-ம் தேதி அவர் கையிலிருந்து வரி கட்டியாக வேண்டும். வரித் தொகையை மட்டும் 15-ம் தேதிக்குள் கொடுத்துவிட்டால் அந்த உறுத்தல் போய்விடும். நமக்குப் பெரிய பாரம் இல்லை, மாதப் பிற்பகுதி பில்களில்தான் வித்தியாசம் தெரியும்.

பில்லை வங்கிகளிடம் ஏலம் விட்டு முன்கூட்டியே பணம் பெறும் ட்ரெட்ஸ் தளம் மூலம் பில் தள்ளுபடி என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். அங்கே வங்கிகள் நம் ரேட்டிங்கைப் பார்த்துத்தான் ஏலம் எடுப்பார்கள், நாம் இன்னும் பதிவே செய்யவில்லை. கையில் இல்லாததைக் கடிதத்தில் வைக்காதே. நம் பார்ட்டிகள் நமக்கு 75-வது நாளில் கொடுக்கிறார்கள் என்பதும் கடிதத்தில் வராது. 45-க்கும் 75-க்கும் நடுவில் இருப்பதை வங்கி லிமிட்டில் சமாளிப்பது என் வேலை.

கெடு தாண்டிய 3,60,000 இன்று காலை ஆர்டிஜிஎஸ்ஸில் போய்விட்டது. பணம் அவர் கணக்கில் ஏறியதை உறுதி செய்த பிறகுதான் கடிதம் போக வேண்டும். முறை மாறினால், கேட்டதைக் கொடுத்தால்தான் பாக்கி வரும் என்று பேரம் பேசுவதுபோல ஆகிவிடும்.

போக வேண்டிய கடிதம்

பேரணாம்பட்டு, 06.10.2025

பொருள்: 45 நாள் கிரெடிட், மாத இண்டென்ட், நிலையான பேமென்ட் நாள்: எழுத்து ஒப்பந்தம்

மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கெடு தாண்டி நின்ற ரூ. 3,60,000 இன்று ஆர்டிஜிஎஸ் மூலம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. யுடிஆர் எண்ணை உங்கள் அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பியிருக்கிறோம். இன்றைய தேதியில் 30 நாள் தாண்டிய பில் எதுவும் இல்லை.

30 நாள் என்று பேசியிருந்தாலும் கடந்த ஆறு மாதத்தில் எங்கள் பேமென்ட் சராசரியாக 44-வது நாளில்தான் வந்திருக்கிறது, அதுவும் ஒரே சீராக இல்லை. உங்கள் கச்சாப்பொருள் கொள்முதலை இது எவ்வளவு தொந்தரவு செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை ஆறு மாதத்துக்குக் கீழ்க்கண்ட முறையை எழுத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம்.

நாங்கள் கேட்பது ஒன்று: சரக்கை நாங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள் கிரெடிட். பேமென்ட் நாள் வியாழக்கிழமை. 45-வது நாள் எந்தக் கிழமையில் விழுந்தாலும், அந்த நாள் வியாழனானால் அன்றே, இல்லையென்றால் அதற்கு முந்தைய வியாழனிலேயே பணம் வரும்.

எங்கள் பக்கத்திலிருந்து: ஒவ்வொரு மாதமும் 25-ம் தேதி அடுத்த மாத இண்டென்ட் உங்களுக்கு வந்துவிடும். இப்போதைய அளவு 120 கிலோ ஃபேட்லிக்கர் டிரம் 20, 25 கிலோ சின்டான் மூட்டை 160, வரி நீங்கலாக ஏறக்குறைய 8 லட்சம். இதில் 80 சதவீதத்தை மாதம் எப்படியிருந்தாலும் எடுத்துக்கொள்வோம். ஐந்து நடைக்குப் பதில் இரண்டே நடையாக, மாதம் 3-ம் தேதியும் 17-ம் தேதியும், சரக்கை இறக்கிக்கொள்கிறோம். எங்கள் கணக்குப்படி வண்டிச் செலவில் உங்களுக்கு மாதம் ரூ. 6,400 குறையும். 15 நாள் கூடுதல் கிரெடிட்டுக்கு ஆகும் வட்டியைவிட இது அதிகம். பில்லில் உள்ள ஜிஎஸ்டி தொகையை மட்டும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் தனியாகச் செலுத்திவிடுவோம்.

எண்ணெய் பிரிந்த டிரம், நனைந்த மூட்டை போன்ற குறை இருந்தால் சரக்கு இறங்கிய 3 வேலை நாளுக்குள் படத்தோடு எழுத்தில் சொல்வோம். அதற்குப் பிறகு குறை சொல்லி பேமென்டை நிறுத்த மாட்டோம். குறை சொன்ன டிரம்மின் தொகையை மட்டும்தான் நிறுத்தி வைப்போம், முழு பில்லையும் அல்ல.

எந்த பில்லாவது ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த லோடு முதல் பழைய 30 நாளுக்குத் திரும்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு. விலையில் எந்த மாற்றமும் நாங்கள் கேட்கவில்லை.

இரண்டு பக்க ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறோம். வியாழன் மதியம் ராணிப்பேட்டை பக்கம் வருகிறோம். உங்களுக்கு நேரம் இருந்தால் நேரிலேயே பேசி முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர்

கடிதத்தோடு வாட்ஸ்அப்பில் போக வேண்டியது

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய். பழைய பாக்கி 3.60 இன்று போட்டாச்சு, பார்த்துக்கோங்க. பேமென்டை ஒரே கிழமைக்குக் கொண்டுவர ஒரு லெட்டர் மெயில்ல அனுப்பியிருக்கோம். வண்டிச் செலவுல உங்களுக்கு மிச்சமாகிற மாதிரி பண்ணியிருக்கோம். படிச்சுப் பாருங்க, வியாழக்கிழமை வந்து பேசறோம்."

நேரில் பாய் 40 நாள் என்றால் ஒப்புக்கொள். 35 என்றால், மாதம் இரண்டு நடை என்பதை மூன்றாக்கிக் கேள், வண்டி மிச்சம் குறைந்தால் நாம் கொடுப்பதும் குறைகிறது என்று அவரே கணக்குப் போடட்டும். விலையில் அரை சதவீதம் ஏற்றிக் கேட்டால் அங்கேயே பதில் சொல்லாதே. 8 லட்சத்துக்கு அது 4,000, நம் சிசி வட்டிக்கு அதே தொகை, மாற்றிக்கொள்வதில் லாபமில்லை. செக்யூரிட்டி செக் கேட்டால் ஒன்று கொடுக்கலாம், ஆனால் தேதி போட்டு, எந்த பில்லுக்கு என்று கவரிங் லெட்டரில் எழுதி, தொகையை நிரப்பித்தான். வெற்றுச் செக் கூடாது. கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை அன்றே என் மேஜைக்குக் கொண்டுவா, ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும்.