சிபாரிசுக் கடிதம்: இந்த முறை முடியவில்லை

அன்புள்ள தம்பி,

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாய் என்று நீ எழுதியதைப் படித்ததும் மகிழ்ச்சி. ஆனால் சிபாரிசுக் கடிதம் இந்த முறை என்னால் எழுத முடியாது. கடைசி நாளான ஜூலை 15க்கு நான்கு நாள்தான் இருக்கிறது. இதே வாரம் கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறது. துறைக் கோப்புகள் முழுக்க என் தலையில். அவசரத்தில் 'நல்ல மாணவன், ஒழுக்கமானவன்' என்று நாலு வரி எழுதித் தரலாம்தான். அது உனக்கு உதவாது.

உன் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு வழிகாட்டிய சாரிடம் இன்றே கேள். நீ உழைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் சுருக்கம், கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடு. தேடவைத்தால் அவருக்குக் கோபம் வரும், தெரியுமல்லவா!

அடுத்த பருவத்துக்கு என்றால் ஒரு மாதம் முன்பே சொல், எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் வெப்ப இயக்கவியல் ஆசிரியை