மூன்று பிள்ளைகளின் தாய்க்குப் படுக்கையருகே சொல்லும் மன்றாட்டு

(சென்னிமலை நெசவுக் குடும்பம். தாய்க்கு 81 வயது. பெரிய மகன் முருக பக்தர்; சின்னவர் ஞானஸ்நானம் பெற்றவர்; மகள் முஸ்லிம் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். காதருகே, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும்.)

உள்ளே வந்ததும்

ஆத்தா, ஆஸ்பத்திரிப் போதகர் வந்திருக்கிறேன். உங்கள் கையைப் பிடித்திருப்பவர் பெரியவர். காலடியில் சின்னவர். தலைமாட்டில் மகள். மூவரும் வந்துவிட்டார்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

இறைவா, நான் இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறவன். இந்த அம்மாளின் நெற்றியில் இருப்பதோ திருநீறு. அதை அழிக்க நான் வரவில்லை. அவர் உம்மை எந்தப் பெயரில் கூப்பிட்டுப் பழகினாரோ, அந்தப் பெயருக்கே செவிசாயும்.

இதோ, இந்த விரல்கள் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருக்கின்றன. சிறுமியாக இருந்தபோதே தார் சுற்றத் தொடங்கிய விரல்கள். அறுந்த நூலைத் தேடுகின்றனவோ என்னவோ. ஆத்தா, இன்றைக்குத் தறி ஓடவில்லை. விட்டுவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மூச்சு இழுக்கும்போது, பெரியவர் சொல்வதற்கு

முருகா, உன் மலையின் 1,320 படிகளையும் என் அம்மா செவ்வாய்தோறும் ஏறினாள். திருமஞ்சனத் தண்ணீர் சுமந்து வரும் காளைக்கு ஓரம் ஒதுங்கி நின்று, “பாவம், வாயில்லாத ஜீவன்” என்பாள். மேலே போனதும் அதன் முதுகிலிருந்து சுமையை இறக்கிவிடுகிறார்களே, அதைப்போல இவளுக்கும் இறக்கிவிடு. இந்த மூச்சு அவளுக்குப் பாரமாக இருக்கிறது.

மூவரும் கேட்க

இறைவா, மகளின் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒன்பது வருடம் பேச்சு நின்றது. யார் முதலில் நிறுத்தினார் என்று இப்போது கேட்க வேண்டாம். சின்னவர் கோயில் பிரசாதத்தை வாங்க மறுத்த நாளும் அந்தக் கணக்கில் உண்டு. மூவரின் செருப்பும் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. அந்தக் கோபங்களும் அங்கேயே கிடக்கட்டும். மன்னியும். மன்னிக்கவும் வையும்.

இனி என் குரல் வேண்டாம். சின்னவரே, உங்கள் ஜெபத்தைச் சொல்லுங்கள். அம்மா மகளே, நீங்கள் துஆ கேளுங்கள். கை ஏந்தியே கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பால் ஊற்ற வேண்டாம், புரையேறும். பஞ்சை நனைத்து மூவரும் உதட்டில் மட்டும் தொட்டு வையுங்கள். நர்சம்மா பக்கத்திலேயே இருக்கிறார்.

மூச்சு நின்ற பிறகு

ஆத்தா, போய் வாருங்கள்.

இறைவா, இவரை ஏற்றுக்கொள்ளும். பெரியவர் கண்ணை மூடட்டும், மகள் தாடையைக் கட்டட்டும், சின்னவர் காலைச் சேர்த்து வைக்கட்டும். வண்டி வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஊருக்குப் போன் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.