கம்பஸ் முடிஞ்சுது மக்களே 🎓

கடைசிப் பேப்பரும் எழுதியாச்சு, பைனல் இயர் புரொஜெக்டும் கறுப்பு அட்டை தங்க எழுத்தோட பைண்ட் பண்ணிக் குடுத்தாச்சு. பேர் சரியா அடிச்சிருக்கோ எண்டு கடை வாசல்லயே நிண்டு ஆளாளுக்கு மாறி மாறிப் பாத்தது வேற கதை 😂

2019 ஏ.எல் எடுத்திட்டு எப்ப கம்பஸ் கூப்பிடும் எண்டு காத்துக் கிடந்து, ஒருமாதிரி ஸூம்ல பெர்ஸ்ட் இயர் தொடங்கி (ஆரோ ஒருத்தன்ட மைக்கில அம்மா தேங்காய் துருவச் சொன்னது முழு பட்ச்சுக்கும் கேட்டது), 2022ல கரண்ட் கட்டுக்குள்ள போன் டோர்ச்சில நோட்ஸ் பாத்து, பெட்ரோல் இல்லாத காலத்தில காலி ரோட்டில பஸ்ஸில தொங்கி... டிகிரி படிச்சம் எண்டதவிட இழுத்துக்கொண்டு வந்தம் எண்டுதான் சொல்லோணும்.

எக்ஸாமுக்கு முதல்நாள் ராத்திரி குப்பி எடுத்து என்னையும் பாஸாக்கின மச்சான்மாருக்கும், வெள்ளவத்தை போர்டிங்ல ஒரு கொத்துப் பார்சலுக்கு அடிபட்ட கூட்டத்துக்கும் தாங்ஸ்டா. சுப்பர்வைசர் சேர், உங்கட மெயில் கண்டாலே வயித்தக் கலக்கும், ஆனா வைவால ஒருக்கா சிரிச்சீங்க பாருங்க, அது போதும். கன்ரீன் அண்ணை, பிளேன்டீக் கணக்கு இருக்கு, மறக்கேல்ல.

நாளைக்கு ஊருக்கு நைட் பஸ். சிவி ரெடி, ஆருக்காவது வேக்கன்சி தெரிஞ்சா இன்பொக்ஸ் பண்ணுங்கோ. பட்ச் குரூப்ப விட்டு ஒருத்தரும் லீவ் பண்ணக்கூடாது, கொன்வகேஷன் போட்டோவுக்கு ஆள் வேணும் 😭