டாக்டரிடம் காட்டுவதற்கான நோட்டு: ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 29 வரை

முதல் பக்கம்: என்ன எழுதணும்

ஜூன் மாசம் டாக்டரைப் பார்த்தப்போ, பீரியட்ஸுக்கு முன்னாடி என்னால் என்னையே தாங்க முடியவில்லை என்று சொன்னேன். எத்தனை நாள் முன்னாடி, வந்த பிறகு எத்தனை நாளில் சரியாகிறது, நடுவில் முழுசாக நன்றாக இருக்கிற நாட்கள் உண்டா என்று கேட்டார். ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொன்னால் மோசமான நாள் மட்டும்தான் ஞாபகம் வரும், அதனால் இரண்டு சுழற்சிக்கு அன்றன்றைக்கே எழுதிக்கொண்டு வாங்க என்றார். பாப்பாவின் பழைய நோட்டில் மீதி இருந்த பக்கங்கள் இதற்கு ஆச்சு.

ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான் நாள் 1. முந்தின நாள் லேசாகக் கறை பட்டால் அதைத் தனியாகக் குறிக்கணும், அது நாள் 1 இல்லை. தினமும் ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு ஒன்பதரைக்கு எழுதணும், மறந்துபோனால் மறுநாள் ஊகித்து எழுதாமல் "விட்டுப்போச்சு" என்றே எழுதணும்.

1 முதல் 6 வரை மதிப்பெண்: 1 என்றால் துளியும் இல்லை, 3 என்றால் இருக்கிறது ஆனால் சமாளிக்கலாம், 6 என்றால் உச்சம். எரிச்சல் அல்லது கோபம், அழுகை அல்லது மனசு பாரம், பதற்றம், எல்லாமே கைமீறிப் போகிற மாதிரி உணர்வு, கவனம் சிதறுவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, அசதி, தூக்கம் (எத்தனை மணி நேரம் என்று எண்ணாகவே), பசி அல்லது இனிப்பு ஆசை, வயிறு உப்புசம், மார்பு வலி, தலைவலி, கைகால் குடைச்சல். இதையெல்லாம் விட முக்கியமாக டாக்டர் சொன்னது, அன்றைக்கு அதனால் என்ன கெட்டது என்பது: ஆபீஸில், வீட்டில், யாரோடாவது. ரத்தப்போக்கு நாட்களில் எத்தனை பேட், கட்டி வந்ததா, ஒரு ரூபாய் நாணயத்தை விடப் பெரிதா. போட்ட மாத்திரையும் நேரமும். காய்ச்சல், விருந்தாளி, சண்டை, ராத்திரி ஷிப்மென்ட் வேலை போல வேறு காரணம் இருந்தால் அதுவும், இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் பீரியட்ஸ் மேல் போட்டுவிடுவேன்.

சாகணும், காணாமல் போகணும் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் நோட்டு நிறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லணும், டாக்டருக்குப் போன் போடணும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

முதல் சுழற்சி

ஜூலை 3, வியாழன், நாள் 1. காலை பத்து மணிக்கு வந்தது. வயிற்று வலி 5. மெஃபனமிக் ஆசிட் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரண்டு மணி நேரத்தில் வலி 3. பேட் 5. எரிச்சல் 3, நேற்று இருந்ததற்கு இது பரவாயில்லை.

ஜூலை 4, நாள் 2. பேட் 6, கட்டி இரண்டு, நாணயத்தை விடச் சின்னது. அசதி 5. மனசு 2. அழுகை நின்றுவிட்டது, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி.

ஜூலை 5, நாள் 3. பேட் 4. மனசு 1.

ஜூலை 8, நாள் 6. பேட் வேண்டியதில்லை. எல்லாம் 1. நடுவில் இரண்டு நாள் எழுதவில்லை, நன்றாக இருக்கிறேன், எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது தப்பு. நன்றாக இருக்கிற நாட்களைக் கேட்டதே டாக்டர்தான். நாளை முதல் 1 என்றாலும் எழுதணும்.

ஜூலை 9 முதல் 20 வரை, நாள் 7 முதல் 18. தினமும் எழுதியதில் மனசு வரிசை எல்லாம் 1, 2 தான். 14ஆம் தேதி எரிச்சல் 4, ஆனால் அன்றைக்கு பையர் ஆர்டரைத் திருப்பி அனுப்பியதில் ஆபீஸில் எல்லாருக்குமே அப்படித்தான். 17ஆம் தேதி (நாள் 15) அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலி, ஒரு மணி நேரம்.

ஜூலை 22, நாள் 20. தூக்கம் 5 மணி நேரம். எரிச்சல் 3, மார்பு வலி 3.

ஜூலை 25, நாள் 23. எரிச்சல் 5, பதற்றம் 4. பாப்பா பால் கொட்டினாள், கத்திவிட்டேன். அவள் பயந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் எழுதணும்.

ஜூலை 28, நாள் 26. எரிச்சல் 6, அழுகை 5, கவனம் 5. ஒரே பில்லை மூன்று தடவை கூட்டினேன், மூன்று விடை. ஆபீஸ் பாத்ரூமில் அழுதேன். சாயங்காலம் அரை டப்பா மைசூர்பா.

ஜூலை 30, நாள் 28. அழுகை 6, அசதி 5. சமைக்கவில்லை, அத்தை சமைத்தார்கள். லேசான கறை ராத்திரி.

இரண்டாவது சுழற்சி

ஜூலை 31, வியாழன், நாள் 1. முதல் சுழற்சி 28 நாள். வலி 5, பேட் 5, அழுகை 3.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, நாள் 4. ஆடிப்பெருக்கு, அம்மா வீட்டில் சித்ரான்னம். மனசு 1. அம்மா, "இப்போ உன் முகம் தெளிஞ்சிருக்குடி" என்றாள்.

ஆகஸ்ட் 5 முதல் 18 வரை, நாள் 6 முதல் 19. ஒரு நாளும் விடவில்லை. மனசு 1, இரண்டு நாள் 2. அசதி மட்டும் 3-க்குக் கீழே போகவே இல்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 12ஆம் தேதி டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 10.8, தைராய்டு அளவில் குறையில்லை. அசதிக்கு அந்த 10.8 காரணமா என்று கேட்கணும், ஏனென்றால் அது நல்ல நாட்களிலும் இருக்கிறது.

ஆகஸ்ட் 21, நாள் 22. எரிச்சல் 4, தூக்கம் 5 மணி, உப்புசம் 4, சுடிதார் இடுப்பில் இறுக்கம்.

ஆகஸ்ட் 24, நாள் 25. அழுகை 5. அவரோடு சண்டை. காரணம் பைக் சாவி. அவரிடம் இந்த நோட்டைக் காட்டினேன், ஜூலைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "நானும் உன்கூட டாக்டர்கிட்ட வரேன்" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன், நாள் 28. பிள்ளையார் சதுர்த்தி. எரிச்சல் 6, அழுகை 6. கொழுக்கட்டை மாவு விரிந்துபோய் பூரணம் வெளியே வந்தது, அதற்கு அடுப்படியில் உட்கார்ந்து இருபது நிமிஷம் அழுதேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடு நிம்மதியாக இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. முதல் பக்கத்தில் எழுதியிருந்ததால் அவரிடம் சொன்னேன், 14416க்கும் பேசினேன், அடுத்த வாரம் இருந்த அப்பாயின்ட்மென்டை அவர் போன் செய்து மாற்றினார். 29ஆம் தேதி சாயங்காலம் ஐந்தரை.

ஆகஸ்ட் 28, நாள் 29. அழுகை 5. அந்த எண்ணம் இன்றைக்கு இல்லை. அவர் லீவு போட்டுக் கூடவே இருக்கிறார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி, நாள் 1. காலை ஆறு மணிக்கு வந்தது. இந்தச் சுழற்சி 29 நாள். வலி 4, மாத்திரை ஒன்று. மதியம் எழுதுகிறேன்: அழுகை 3.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது

27ஆம் தேதி வந்த எண்ணத்தைப் பற்றித்தான் முதலில், கடைசியில் கிளம்பும்போது இல்லை. அப்புறம் நாள் 6 முதல் 18 வரையுள்ள பக்கங்களை முதலில் திருப்பிக் காட்டணும், பிறகு 22 முதல் 29. இது பீரியட்ஸோடு மட்டும் வருகிறதா, அல்லது ஏற்கனவே இருக்கிற மனச்சோர்வு அந்த நாட்களில் கூடுகிறதா? மாத்திரை என்றால் மாசம் முழுக்கவா, கடைசி இரண்டு வாரம் மட்டும் போதுமா? இரும்புச்சத்து மாத்திரை எத்தனை மாசம்? டாக்டர் சொல்வதை இதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதிக்கணும், பேனா ஹேண்ட்பேகில் வெளிப் பக்கம் இருக்கிறது.